தொண்ணூறாம் நாள் ஞானோதயம்

எதிராளியின் வாதத்தை அவரே தலையசைக்கும்படி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்க வேண்டும் என்பது, நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்தவர்கள் காலத்திலிருந்தே நம்மவர்கள் காத்துவந்த மரியாதை. சென்ற இதழில் வந்த ‘90 நாளில் உச்சம்’ கட்டுரைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கட்டுரையாளர், தாம் சாட்சிக்கு அழைத்த டக்மனுக்குக் கொடுக்காததை நான் அவருக்குக் கொடுக்கிறேன் என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அவர் சொல்வது இதுதான். எந்த டீமும் நான்கு கட்டங்களைக் கடந்தே தீர வேண்டும். அது ‘நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம்’. 1 முதல் 20ஆம் நாள் வரை ஃபார்மிங், அதாவது ஆட்கள் வந்து கூடும் கட்டம். அப்போது மேனேஜர் உத்தரவு போட வேண்டும். 21 முதல் 45 வரை ஸ்டார்மிங், அதாவது மோதல்; அப்போது அவர் பயிற்றுநராக மாறி, ஆட்களின் ‘ஈகோ’வைக் கரைக்க வேண்டும். 46 முதல் 70 வரை நார்மிங், அதாவது நடைமுறைகள் படியும் கட்டம். அப்போது தோழனாக இருந்து ஊக்குவிக்க வேண்டும். 71ஆம் நாள் டீம் பெர்ஃபார்மிங் கட்டத்தில் கால் வைக்கிறது. அன்றே மேனேஜர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதற்குச் சாட்சியாகத் தாமே வழிநடத்திய ஒன்பது பேர் கொண்ட ஒரு மென்பொருள் டீமின் கதையையும், அழகுக்குத் திருக்குறளின் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தையும், கட்டுரையின் கடைசி வரியில் தமது பயிலரங்குக்கான அழைப்பையும் வைத்திருக்கிறார். எதையாவது விட்டுவிட்டேனா? இல்லையென்றால் தொடங்கலாம்.

முதலில் அந்த ‘நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம்’. இந்த நான்கு கட்டங்களுக்கு மூலமான கட்டுரையைப் புரூஸ் டக்மன் 1965இல் எழுதியபோது அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எந்த அலுவலகத்திலும் போய் உட்கார்ந்து எந்த டீமையும் கவனித்து நான்கு கட்டங்களைக் கண்டுபிடிக்கவில்லை. சிறு குழுக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்திருந்த 50 கட்டுரைகளைப் படித்து, வகைபிரித்து, அவற்றில் திரும்பத் திரும்பத் தென்பட்ட வரிசைக்குப் பெயர் வைத்தார். அந்த 50இல் பெரும்பங்கு எதைப் பற்றியவை? உளவியல் சிகிச்சைக்காக வட்டமாக உட்கார்ந்து தங்கள் மனத்தைத் திறந்துகொண்டிருந்த குழுக்கள். அதற்கடுத்து, மனித உறவுப் பயிற்சிக்கென்றே கூட்டப்பட்ட குழுக்கள். உண்மையான வேலைக்குழுக்கள் அந்தத் தொகுப்பில் சிறுபான்மை. இதை நான் துப்பறிந்து சொல்லவில்லை. சிகிச்சைக் குழுக்கள் மிகையாக இருப்பதால் இந்தத் தொகுப்பை எல்லாச் சிறு குழுக்களுக்கும் பிரதிநிதியாகக் கொள்ள முடியாது என்று டக்மனே அந்தக் கட்டுரையில் எழுதிவைத்திருக்கிறார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் எழுதியிருக்கிறார். நம் கட்டுரையாளரின் கண்ணில் அது படவில்லை. வேலையை எதிர்த்து உணர்ச்சி கொப்பளிக்கும் நிலை எங்கே எதிர்பார்க்கத்தக்கது? தன்னை அறிவதும் தன்னை மாற்றிக்கொள்வதுமே குழுவின் வேலையாக இருக்கும் இடத்தில். கணக்குப் போடுவது, கருவி செய்வது போன்ற, ஆளின் அந்தரங்கத்தைத் தொடாத வேலைகளில் அது அவ்வளவாகத் தென்படாமல் போகலாம் என்கிறார் டக்மன். அப்படியானால், சரக்குக்கிடங்கின் இருப்புக் கணக்குக்கு மென்பொருள் எழுதும் ஒன்பது பேர் 21ஆம் நாள் காலை ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தே தீர வேண்டும் என்ற விதியை நம் நண்பருக்கு அருளியது யார்? டக்மன் இல்லை. 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து அவர் மீண்டும் இதற்கு வந்தபோது, இடைப்பட்ட காலத்தின் 22 ஆய்வுகளைப் பார்த்தார். அவற்றில் இந்த வரிசையைச் சோதிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அதை ஒளிக்காமல் சொன்னார். குழு கலையும் ஐந்தாவது கட்டம் ஒன்றையும் சேர்த்தார். தமது கருத்துக்குத் தாமே வரம்பு போட்ட ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, வரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நாள் எண்களைச் சேர்த்து விற்பதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர்களிடமே விடுகிறேன். நாள் எண் என்று ஒன்று அந்த இரண்டு கட்டுரைகளிலும் கிடையாது. இருபது, நாற்பத்தைந்து, எழுபது எல்லாம் நம் நண்பரின் சொந்தச் சாகுபடி.

‘எந்த டீமும் கடந்தே தீர வேண்டும்’ என்ற இரண்டாவது பிரகடனத்துக்கு வருவோம். கானி கெர்சிக் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறது. அவர் எட்டுக் குழுக்களை அவற்றின் முதல் கூட்டம் முதல் கடைசிக் கூட்டம் வரை பின்தொடர்ந்தார். மேலாண்மை மாணவர்கள், வங்கிக்காரர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் என்று பலவகை. சில குழுக்களின் ஆயுள் ஒரு வாரம், சிலவற்றுக்கு ஆறு மாதம். அவர் கண்டது வரிசையான நான்கு படிகளை அல்ல. ஒவ்வொரு குழுவும் தன் முதல் கூட்டத்திலேயே வேலையை அணுகும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டது. தனக்குக் கிடைத்த காலத்தின் ஏறக்குறையச் சரிபாதி வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தது. பாதி வந்ததும், ‘நேரம் போய்விட்டது’ என்ற உறுத்தலில், பழைய முறையை உதறி வேறொன்றுக்குத் தாவியது. ஒரு வாரக் குழுவுக்கு அந்தத் தாவல் நான்காம் நாள் வாக்கில் வந்தது. ஆறு மாதக் குழுவுக்கு மூன்றாம் மாத வாக்கில் வந்தது. குழுவின் வயது அதைத் தீர்மானிக்கவில்லை; கெடு தீர்மானித்தது.

இது மேனேஜருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று பாருங்கள். முதல் கூட்டத்தை ‘அறிமுகம், பூங்கொத்து, சமோசா’ என்று வீணடித்தவர், பாதிக் காலத்துக்கு நிலைத்துவிடப்போகும் ஒரு பழக்கத்தைத் தற்செயலின் கையில் கொடுத்துவிட்டார். முதல் பாதியில் வேலைமுறையை மாற்றச் சொல்லி அவர் தரும் அறிவுரை பெரும்பாலும் செவியில் ஏறாது. நடுப்புள்ளியில் அதே அறிவுரையைக் குழு தேடி வந்து கேட்கும். ஆக, ஒரு தலைவர் தன் பாணியை மாற்றுவதற்கு வாய்ப்பான இடங்கள் இரண்டு: தொடக்கமும் நடுவும். நம் கட்டுரையாளரின் அட்டவணையில் 90 நாளின் நடுவான 45ஆம் நாள் எப்படி இருக்கிறது? ‘மோதல் முடிவு, கேக் வெட்டுதல்’. நல்லது, கேக்காவது நடுவில் வந்ததே.

‘அதெல்லாம் சோதனைக் குழுக்கள், நிஜ உலகில் மோதல் இல்லாமல் டீம் உருவாகாது’ என்று அவர் பதில் எழுதக்கூடும். நிஜ உலகுக்கே போவோம், அதுவும் முப்பதாயிரம் அடி உயரத்துக்கு. பெரிய விமான நிறுவனங்களில் பயணத்துக்குச் சற்று முன்புதான் கேப்டனும் துணை விமானியும் பணிப்பெண்களும் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். பல சமயம் வாழ்நாளில் முதல் தடவையாக. இருபத்தொரு நாள் காத்திருந்து மோதிவிட்டு வருகிறோம் என்று அவர்கள் பயணிகளிடம் சொல்ல முடியாது. ராபர்ட் கின்னெட் இத்தகைய குழுக்களைக் கூடவே இருந்து ஆராய்ந்தார். சில நிமிடச் சந்திப்புக்குப் பிறகு அவர்கள் வேலை செய்யும் குழுவாக மாறிவிட முடிவதற்கு அவர் சொன்ன காரணம் எளியது: யார் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எதை யாரிடம் கேட்பது என்பவற்றில் பெரும்பகுதியைத் தொழிலும் பயிற்சியும் நிறுவனமும் முன்கூட்டியே ஒரு கூடாகக் கட்டிவைத்திருக்கின்றன. ஆட்கள் வந்து அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்தால் போதும்.

ஆனால் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. திறமையான கேப்டன்கள் அந்தச் சில நிமிடங்களில் வேலையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழுவின் எல்லை விமானியறைக் கதவோடு முடியவில்லை, பணிப்பெண்களும் இதில் சேர்த்தி என்பதையும், கடைசி முடிவு தம்முடையது என்பதையும், தாமும் தவறக்கூடும், அப்போது யாரும் வாய் திறக்கலாம் என்பதையும் அவர்கள் தெரிவித்தார்கள். அதிகாரத்தை உறுதிசெய்வதும் அதைக் கேள்வி கேட்க வழிவிடுவதும் ஒரே பேச்சில் நடந்தன. ஃபார்மிங் கட்டத்தில் ‘உத்தரவு மட்டும்’ என்று எழுதியவருக்கு இது எந்தப் பெட்டியில் அடங்கும்?

இந்தத் தொடக்க நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் கணக்கு உண்டு. 1978 முதல் 1990 வரை விமானிக்குழுவின் தவறு பங்குவகித்த பெரிய விபத்துகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. தகவல் கிடைத்தவற்றில் 73 சதவீதம், அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளில் நடந்தவை. 44 சதவீதம் முதல் பயணத்திலேயே நடந்தவை. விபத்துகளின் எண்ணிக்கை சிறியது, இதை வைத்துப் பெரிய விதி எதுவும் செய்ய மாட்டேன். ஆனால் புதிதாகச் சேர்ந்த குழு தானாகக் கனியும்வரை இருபது நாள் பொறுத்திருக்கச் சொல்பவருக்கு எதிராக இது போதும். கனியக் காத்திருக்கக் கூடாது. கூட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். முதல் கட்டத்துத் தலைவரின் வேலை அதுதான்.

இப்போது கட்டுரையின் இதயத்துக்கு வருவோம், அதாவது நண்பர் தம் வாயாலேயே சொன்ன கதைக்கு. எதிர்வினை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. எதிராளியே சாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று கேட்காமலே போய்விட்டார்.

ஒன்பது பேர். ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள், திரையை வடிவமைப்பவர் ஒருவர், கிளையன்டிடம் பேசித் தேவைகளை எழுதுபவர் ஒருவர். முதல் மூன்று வாரமும் ‘தேனிலவு’. காலை ஸ்டாண்டப்பில் எல்லோரும் ‘ஓகே சார்’ என்றார்கள் என்று மகிழ்கிறார். ஐந்தாவது வாரம் டெஸ்டர்கள் ஒரே நாளில் பதினான்கு வேலைகளை ‘முடியவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஸ்டாண்டப்பில் ஒரு டெவலப்பர், ‘நாங்க முடிச்சுக் குடுத்ததை முடியலைன்னு சொல்ல நீங்க யாரு?’ என்று கத்தினார். நண்பர் நாட்காட்டியைப் பார்த்தார், 31ஆம் நாள். ஆகா, ஸ்டார்மிங்! விதிப்படி ஈகோ கரைக்கப்பட வேண்டும். மொத்தப் பேரையும் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய்க் கயிறு இழுக்கவைத்து, கண்ணைக் கட்டி முட்டையைக் கைமாற்றவைத்து, இரவில் ‘உன்னிடம் எனக்குப் பிடித்தது’ என்று சீட்டில் எழுதவைத்தார். திரும்பி வந்தபின் சண்டை நின்றது. ‘மனங்கள் இணைந்தன’ என்கிறார்.

மனங்கள் இணைந்தது இருக்கட்டும், அதற்கடுத்த வாக்கியத்தைப் பாருங்கள். போகிறபோக்கில், ஒரு கொசுறுத் தகவலாக எழுதுகிறார்: ‘திரும்பிய மறுநாள், ஒரு வேலை எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதை டீமே ஐந்து வரியில் எழுதிப் பலகையில் ஒட்டியது.’ அந்த ஐந்து வரியையும் பெருமையோடு தருகிறார். எழுதிய நிரலை இன்னொரு டெவலப்பர் பார்த்திருக்க வேண்டும். சோதனைச் சர்வரில் அது ஓட வேண்டும். கிடங்கிலிருந்து வந்த மாதிரிப் பட்டியலோடு இருப்பு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட பக் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. கடைசியாக ‘முடிந்தது’ என்று குறிப்பது டெஸ்டர்.

இந்த நோய்க்கு மருந்து எது, முட்டையா, ஐந்து வரியா? அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று யாராவது கேட்டிருந்தால் விடை முதல் நாளே கிடைத்திருக்கும். நிரலை எழுதி ஏற்றியவுடன் வேலை முடிந்தது என்று ஐந்து பேர் நினைத்தார்கள். சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிந்தது என்று இரண்டு பேர் நினைத்தார்கள். இரண்டு நினைப்பில் எது செல்லும் என்று சொல்லியிருக்க வேண்டிய மேனேஜர் முப்பது நாளும் ‘ஓகே சார்’ கேட்டுக்கொண்டிருந்தார். ‘நீங்க யாரு?’ என்ற கேள்வி ஈகோவின் கேள்வி அல்ல ஐயா. அது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி, அதுவும் முற்றிலும் நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லாததால் தப்பான ஆளிடம் கேட்கப்பட்ட கேள்வி. தம் கடமையில் இருந்த ஓட்டையை ஒன்பது பேரின் குணக்கோளாறாக மாற்றி, அதற்கு இயற்கை விதி என்று பெயரும் சூட்டி, செலவுக் கணக்கில் ரிசார்ட் பில்லையும் சேர்த்தவரை நான் என்னவென்று சொல்ல?

மோதலே நல்லதல்ல என்று நான் வாதிடவில்லை. வேலைக்குழுக்களிலும் மோதல் வரும்; வரவே வராத குழுவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அப்போது தலைவர் மாற்ற வேண்டியது எதை? குரலை உயர்த்துவதோ குழைப்பதோ இரண்டாம்பட்சம். மோதலைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை: குறிக்கோள் தெரியவில்லையா, யார் முடிவெடுப்பது என்று தெரியவில்லையா, வேலை கைமாறும் விதம் தெரியவில்லையா, அல்லது இந்த மூன்றும் தெளிவாக இருந்தும் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லையா? முதல் மூன்றுக்கும் மருந்து பேசி எழுதிக்கொள்ளும் உடன்பாடு. அதை மேனேஜர் எழுதித் திணிக்காமல், எழுதும்வரை அறையை விட்டு யாரும் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்காவதுக்குத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது. நண்பர் நான்காவதிலிருந்து தொடங்கினார். டீமின் அதிர்ஷ்டம், ஒன்பது பேரில் யாரோ ஒருவருக்கு முதல் மூன்றும் தெரிந்திருந்தது. அந்த ஐந்து வரியை எழுதச் சொன்னவர் யார் என்று கட்டுரையில் இல்லை. மேனேஜர் என்றிருந்தால் இல்லாமல் இருந்திருக்குமா?

அடுத்தது 71ஆம் நாள், ஒப்படைப்பு. இங்கே அவர் பால் ஹெர்சியையும் கென் பிளாஞ்சர்டையும் சாட்சிக்கு இழுக்கிறார். இருவரும் 1969இல் முன்வைத்ததில் நான்கு பாணிகள் உண்டு: சொல்லிச் செய்விப்பது, விளக்கி இணங்கவைப்பது, கூடி முடிவெடுப்பது, ஒப்படைப்பது. டக்மனின் நான்கோடு இவர்களின் நான்கைத் தோளோடு தோள் நிறுத்திவைத்தால் அட்டவணை வெகு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பாணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நாளைப் பார்த்தல்ல, குழுவின் வயதைப் பார்த்தும் அல்ல. குறிப்பிட்ட ஒரு வேலையில் குறிப்பிட்ட ஆளுக்கு இருக்கும் திறனையும் முனைப்பையும் பார்த்து. ஒரே ஆள் ஒரு வேலையில் முதிர்ந்தவராகவும் பக்கத்து வேலையில் கற்றுக்குட்டியாகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் உயிர். பிளாஞ்சர்ட் பின்னாளில் இதைக் குழுக்களுக்கும் விரித்தார் என்பது உண்மை. அங்கேயும் தலைவர் முதலில் செய்ய வேண்டியது குழு எங்கே நிற்கிறது என்று கண்டறிவது.

அந்தக் கோட்பாடும் அப்படியொன்றும் அசைக்க முடியாத கோட்டை அல்ல. ராபர்ட் வெக்கியோ 1987இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் சோதித்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெளிவான வழிகாட்டல் பயன்பட்டது என்ற பகுதி தேறியது. அனுபவசாலிகளிடமிருந்து தலைவர் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்ற பகுதி அவ்வளவு உறுதியாகத் தேறவில்லை. நம் நண்பர் எந்தப் பகுதியின்மேல் தமது 71ஆம் நாளைக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள்: தேறாத பகுதியின்மேல்.

விளைவு அவர் கதையிலேயே வருகிறது. 71ஆம் நாள் ‘இனி எல்லாம் உங்கள் கையில்’ என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 84ஆம் நாள் கிளையன்டின் பழைய இருப்புக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். பழையதில் சரக்கு பெட்டிக் கணக்கில் இருந்தது. புதியதில் உதிரி எண்ணிக்கை. பன்னிரண்டு உதிரி ஒரு பெட்டி என்றால், நூறு பெட்டி இருந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு என்று வர வேண்டும். நூறு என்றே வந்து உட்கார்ந்தது. கிடங்கில் சரக்கு மலைபோல் இருக்க, திரை ‘இருப்பு போதவில்லை’ என்று கூவி, தானாகவே கொள்முதல் ஆணைகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இரண்டு இரவு உட்கார்ந்து பழைய நிலைக்குத் திருப்பினார்கள். இதற்கு நண்பர் எழுதியிருக்கும் விளக்கம்: ‘டீம் இன்னும் போதிய முதிர்ச்சி அடையவில்லை.’

அடடா! 71ஆம் நாள் உச்சம் தொட்ட டீம் 84ஆம் நாள் முதிர்ச்சியற்றதாகிவிட்டது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்; அல்லது இரண்டுமே உண்மை, அட்டவணை பொய். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், நண்பரைப் பொய்யர் என்று சொல்ல விருப்பமில்லாததால் மட்டுமல்ல, அதுதான் நடந்தது என்பதாலும். நிரல் எழுதிச் சோதித்து வெளியிடும் அன்றாட வேலையில் அந்த டீம் உண்மையாகவே தேர்ந்துவிட்டது. அங்கே அவர் ஒதுங்கியது சரி. பழைய தரவை இடம் மாற்றும் வேலையை அந்த ஒன்பது பேரும் சேர்ந்து அதற்குமுன் செய்ததே இல்லை. அந்த வேலையில் அவர்கள் முதல் நாள் டீம். அங்கே மேனேஜர் முதல் நாள் பாணிக்கே திரும்பியிருக்க வேண்டும், வெட்கமின்றி, அந்த ஒரு வேலைக்கு மட்டும். ஒரு சிறு கிடங்கின் தரவை மட்டும் எடுத்து ஒத்திகை பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பத்துச் சரக்கின் எண்ணிக்கையையாவது கையால் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு தெரிந்தால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இன்னாருக்கு என்று பெயர் குறித்திருக்க வேண்டும். அதே வாரம் அன்றாட நிரல் வேலையில் மூக்கை நுழைக்காமலும் இருந்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே டீமிடம், ஒரு வேலைக்கு ஒரு பாணியும் இன்னொரு வேலைக்கு வேறு பாணியும் என்பது குழப்பம் அல்ல; தலைமைப் பாணியை மாற்றுவது என்று இந்தத் துறையில் சொல்லப்படுவதே அதைத்தான்.

நாளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்து ஒரு மேனேஜர் மாறுவது? பெரிய கருவியெல்லாம் வேண்டாம், நண்பரின் ஸ்டாண்டப்பே போதும். ஒன்பது பேரும் மேனேஜரின் முகத்தைப் பார்த்தே பேசி, ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் கேள்வி கேட்காமல் இருந்தால், அது இன்னும் டீம் அல்ல, ஒன்பது தனி ஆட்கள். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் சரி. ‘இதை யார் முடிவு செய்றது?’ என்ற கேள்வி வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், விதி எழுதப்படவில்லை என்று அர்த்தம். மேனேஜர் விடுப்பில் இருக்கும் நாளிலும் டெஸ்டர் ஒரு வேலையைத் திருப்பி அனுப்ப, டெவலப்பர் முணுமுணுத்துக்கொண்டாவது வாங்கிக்கொண்டால், விதி படிந்துவிட்டது. அந்த விதி ஒரு வேலைக்குப் பொருந்தாதபோது, யாரும் சொல்லாமலே அவர்கள் அதைத் திருத்தி எழுதிவிட்டு மேனேஜருக்குத் தகவல் மட்டும் சொன்னால், அந்த வகை வேலையில் அவர் தாராளமாகக் கையை எடுக்கலாம்.

இதில் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு: போலி அமைதி. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிய முடிவு, டீக்கடையிலும் மேனேஜர் இல்லாத வாட்ஸாப் குழுவிலும் மறுபடி திறக்கப்படுகிறது என்றால், அது படிந்த விதி அல்ல. முகத்துக்காகப் போட்ட கும்பிடு. நண்பரின் ‘தேனிலவு’ மூன்று வாரமும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். பயந்தவர்களின் ‘ஓகே சார்’ கேட்டுத் தேன் சொட்டுகிறது என்று நினைப்பவரிடம் நோயறியும் திறனை எதிர்பார்ப்பது நம் தவறு.

97ஆம் நாள் மூத்த டெவலப்பர் ஒருவர் விலக, இரண்டு புதியவர்கள் சேர, ‘டீமின் தரம் சரிந்தது, புதியவர்களின் மனப்பான்மையே காரணம்’ என்று அவர் எழுதியிருப்பதற்கு அதிக இடம் செலவழிக்கப்போவதில்லை. ஆள் மாறினால் டீமும் மாறுகிறது; பலகையில் ஒட்டிய ஐந்து வரியை எழுதும்போது அந்த இருவரும் அறையில் இல்லை. யாராவது அவர்களை உட்காரவைத்து அது ஏன் எழுதப்பட்டது என்று சொன்னார்களா? சொல்ல வேண்டியவர் 71ஆம் நாளே ஒதுங்கிவிட்டாரே!

இத்தனை ஓட்டை இருந்தும் இந்த 90 நாள் அட்டவணை ஏன் விற்கிறது? பயிலரங்கின் கட்டணம் ஒரு காரணம். அதைச் சொல்வது எளிது என்பதால் அதோடு நின்றுவிட மாட்டேன். வாங்குபவர்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. ‘டீம் ஸ்டார்மிங்ல இருக்கு சார்’ என்று மேலிடத்துக்கு ஒரு வரி அனுப்பிவிட்டால், குறிக்கோளை யார் தெளிவாகச் சொல்லவில்லை, அதிகாரத்தை யார் பிரித்துக் கொடுக்கவில்லை என்ற கேள்விகள் அடங்கிவிடுகின்றன. பருவமழை தாமதமானதற்கு யாரைக் கேட்க முடியும்? ‘டீம் பெர்ஃபார்மிங்ல இருக்கு’ என்று சொல்லிவிட்டால் கவனிக்க வேண்டிய கடமையும் தீர்ந்தது. பெட்டி உதிரியான கதை நடந்தால் ‘முதிர்ச்சி போதவில்லை’. தலைவருக்கு நான்கு கட்டத்திலும் பொறுப்பே வராத ஒரு தலைமைக் கோட்பாடு! எந்த மேனேஜர் அதை வேண்டாம் என்பார்?

கடைசியாக வள்ளுவர். ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தின் பெயரைக் கட்டுரையின் நெற்றியில் பொட்டாக வைத்தவர் அதன் உள்ளே போயிருக்கலாம். வேலை எது, அதற்கு வழி எது, ஆள் யார் என்று மூன்றையும் சேர்த்துத் தெளிந்த பிறகே ஒப்படைக்க வேண்டும் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. தெளியச் சொன்னவர் நாள் எண் எதுவும் கொடுக்கவில்லை. நண்பர் வேலையையும் பார்க்கவில்லை, வழியையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். தம் கட்சிக்கு அவர் அழைத்துவந்த சாட்சிகளான டக்மன், ஹெர்சி, பிளாஞ்சர்ட், வள்ளுவர், தமது சொந்த டீம் என ஐவரும் அவருக்கு எதிராகவே பேசுகிறார்கள்.

அவர் மறுமொழி எழுதுவதாக இருந்தால், என் தொனியைப் பற்றி இரண்டு பத்தி எழுதி நேரத்தைப் போக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 84ஆம் நாள் இரவு, அந்தத் தரவு மாற்றத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒன்பது பேரில் யாருக்கு இருந்தது, அதை அவருக்கு யார், எப்போது கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதட்டும். ‘90 நாளில் உச்சம்’ கட்டுரையில் அதற்கு விடை இல்லை.